புயல், வெள்ள எச்சரிக்கை வீடியோ: ஸ்கிரிப்ட் திருத்தும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர ஊர்களில் இளைஞர் குழுக்களும் உள்ளூர் சேனல் நடத்தும் தம்பிகளும் எழுதும் எச்சரிக்கை ஸ்கிரிப்டுகளைப் பல வருடங்களாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். ஐப்பசி பிறந்தால் போன் வரத் தொடங்கும். ஊர் மாறும், புயலின் பெயர் மாறும், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

வார்னிங்னா கொஞ்சம் பயமுறுத்தத்தானே வேணும்? அமைதியா சொன்னா யாரு சார் எழுந்திருப்பாங்க?

பயம் ஏற்கெனவே இருக்கிறது. 2011 தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரருக்கும், 2018 கஜாவில் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்ததைப் பார்த்த வேதாரண்யத்துக்காரருக்கும் நாம் புதிதாகப் பயம் காட்ட வேண்டியதில்லை. அவர்கள் வீடியோவைத் திறப்பது வேறு ஒன்றுக்காக. நான் கிளம்பணுமா, எப்போ, எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் சத்தம் மட்டும் வந்தால், அடுத்த வீடியோவுக்குப் போவார்கள், அப்புறம் இன்னொன்று. இரண்டு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டே வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். நான் பயப்படுவது அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான்.

அமைதி என்றால் மென்மையாகச் சொல்வது என்று சிலர் நினைக்கிறார்கள். "முடிந்தால் வந்துவிடுங்கள்" என்பது மென்மை, ஆனால் ஆபத்து. "மாலை 4 மணிக்குள் வந்துவிடுங்கள்" என்பதில் ஒரு துளி பயமுறுத்தலும் இல்லை, ஆனாலும் எழுந்திருக்க வைக்கும். அடைமொழியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேரத்தையும் இடத்தையும் வையுங்கள். நான் செய்யும் திருத்தத்தில் பாதிக்கு மேல் இதுதான்.

சரி, எங்க ஸ்கிரிப்ட்டைப் பாருங்க. எல்லாம் இருக்கே, இதுல என்ன தப்பு?

ஒரு ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்த ஸ்கிரிப்ட், ஊர் அடையாளத்தை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன். கடற்கரையும் ஆறும் சேரும் இடம், கீற்று வீடுகள் நிறைய.

"மக்களே உஷார்! வரலாறு காணாத ராட்சதப் புயல் நம் மாவட்டத்தை நோக்கி அசுர வேகத்தில் சீறி வருகிறது! மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும்! ஆரஞ்ச் அலர்ட்! மக்கள் பீதியில் உறைந்துள்ளனர்! தாழ்வான பகுதி மக்கள் உடனடியாகப் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்! யாரும் வெளியே வர வேண்டாம்! தேவையான பொருட்களைத் தயாராக வைத்துக்கொள்ளவும்! இந்த வீடியோவை அனைவருக்கும் பகிருங்கள்!"

ஆற்றங்கரைத் தெருவில் இருக்கும் ஒரு அம்மாவாக இதைக் கேட்டுப் பாருங்கள். "தாழ்வான பகுதி" என்பது என் தெருவா? யாரும் தன் வீட்டைத் தாழ்வான பகுதி என்று நினைப்பதில்லை, அடுத்த தெருவைத்தான் நினைப்பார்கள். "பாதுகாப்பான இடம்" எது, பள்ளிக்கூடமா, அண்ணன் வீடா? "உடனடியாக" என்றால் சமைத்துக்கொண்டிருக்கும் சோற்றை இறக்கிவிட்டா? "செல்லவும்" என்றதும் "வெளியே வர வேண்டாம்" என்றால் எதைக் கேட்பது? அப்புறம் அந்த "பீதியில் உறைந்துள்ளனர்" என்ற வரி. எல்லோரும் உறைந்திருக்கிறார்கள் என்று சொன்னால், உறைவதுதான் செய்ய வேண்டிய வேலை என்று ஆகிவிடும். முழு ஸ்கிரிப்டிலும் செய்யக்கூடிய ஒரே வேலை, கடைசியில் வரும் பகிர்வது மட்டும்தான்.

அப்போ இதையே நீங்க எப்படி எழுதுவீங்க?

எழுதுவதற்கு முன் அந்தத் தம்பிகளிடம் நான்கு விஷயம் கேட்டேன். எந்தெந்தத் தெரு, முகாம் எந்தக் கட்டடம், அங்கே போக எந்த வழி, நடக்க முடியாதவர்களுக்கு யார் பொறுப்பு. அவர்களுக்கு இரண்டுதான் தெரிந்திருந்தது. வி.ஏ.ஓ.விடம் பேசி மீதியை வாங்கி வந்தார்கள். ஸ்கிரிப்ட் பாதி அந்தப் போனிலேயே எழுதப்பட்டுவிட்டது. பிறகு இப்படி வந்தது:

"வணக்கம். இது வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்குச் சொல்லும் தகவல். ஆற்றங்கரைத் தெரு, மீனவர் காலனி, இந்த இரண்டு இடத்தில் இருப்பவர்களுக்காக.

இன்று நள்ளிரவுக்கு மேல் புயல் நம் பக்கம் கரையைக் கடக்கும் என்று வானிலை ஆய்வு மையம் சொல்லியிருக்கிறது. சாயங்காலத்திலிருந்தே காற்று பலமாகும். கீற்றுக் கூரையும் தகரக் கூரையும் தாங்காது.

மாலை 4 மணிக்குள் மேல்நிலைப் பள்ளிக்கு வந்துவிடுங்கள். மாடிக் கட்டடம். சாப்பாடு, குடிநீர் இருக்கிறது, பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் இருக்கிறது. வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருந்தால் 12 மணிக்குள் வார்டு உறுப்பினரிடம் சொல்லுங்கள், வண்டி வரும்.

மூன்று பொருள் எடுத்து வாருங்கள். தினம் சாப்பிடும் மாத்திரை. ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், ஒரே பிளாஸ்டிக் கவரில். சார்ஜ் போட்ட போன்.

கிளம்பும்போது கேஸை மூடுங்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள், ஆடு மாடுகளைக் கட்டு அவிழ்த்துவிடுங்கள்.

ஆற்றங்கரை வழியாக வர வேண்டாம், பெருமாள் கோயில் வழியாக வாருங்கள். உதவிக்கு 1077. அடுத்த தகவல் இன்று மதியம் 1 மணிக்கு."

நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். வரிசையைக் கவனியுங்கள்: யாருக்கு, என்ன வருகிறது, எப்போதுக்குள் எங்கே, என்ன எடுப்பது, கிளம்பும்போது என்ன செய்வது, எந்த வழி. ஒருவர் எழுந்து நடக்கும் வரிசையும் அதுதான். சாப்பாடு, பெண்களுக்கான அறை, வண்டி ஆகியவற்றை அலங்காரத்துக்குச் சேர்க்கவில்லை. "நான் வரலைப்பா, நீங்க போங்க" என்று வீட்டில் உட்காரும் பாட்டிக்கும், வயசுப் பெண்ணை முகாமில் எப்படி வைத்திருப்பது என்று யோசிக்கும் அம்மாவுக்கும் அந்த வரிகள்தான் பதில்.

ஏன் மூணே பொருள்? டார்ச், மெழுகுவத்தி, பிஸ்கட், கயிறு எல்லாம் விட்டுட்டீங்களே.

ஒரு தடவை கேட்டு மனதில் நிற்பது மூன்று, மிஞ்சினால் நான்கு. பன்னிரண்டு பொருள் சொன்னால் முதலில் வந்த டார்ச் நினைவிருக்கும், நடுவில் வந்த மாத்திரை மறந்துபோகும். முகாமில் பிஸ்கட் கிடைக்கும், மெழுகுவத்தியும் யாரிடமாவது இருக்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினம் சாப்பிடும் மாத்திரை பக்கத்தில் இருப்பவரிடம் கிடைக்காது. எது இல்லாவிட்டால் அங்கே வாங்கவே முடியாதோ, அதை மட்டும் குரலில் வையுங்கள்.

மீதியெல்லாம் வேண்டும் என்றால் தனியாக ஒரு படமாகப் போடலாம். ஆனால் அது கிளம்ப வேண்டிய தெருக்களுக்கு இல்லை, வீட்டிலேயே இருக்கப்போகிறவர்களுக்கு. அந்த வித்தியாசம் பற்றிக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

கரையைக் கடக்கிற நேரமே மாறிக்கிட்டே இருக்கு. எந்த நேரத்தை நம்பிப் போடறது?

கடக்கும் நேரத்தை முன்னால் நிறுத்தாதீர்கள். அதைத் தோராயமாக, "நள்ளிரவுக்கு மேல்", "நாளை காலை வாக்கில்" என்று சொன்னால் போதும். உறுதியாகச் சொல்ல வேண்டியது நடந்து முடிக்க வேண்டிய நேரம். அதைப் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். புயல் நள்ளிரவுக்கு மேல் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று அதற்குப் பல மணி நேரம் முன்பே, சாயங்காலமே பலமாகிவிடும். கார்த்திகையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு, மேகம் மூடினால் அதற்கும் முன்பே. கரண்டைப் பாதுகாப்புக்காகவே நிறுத்திவிடுவார்கள். வயதானவரைக் கூட்டிக்கொண்டு கோயில் வழியாகச் சுற்றி நடக்க முக்கால் மணி நேரம். ஆக, வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே இருக்க 4 மணி. புயல் ஆறு மணி நேரம் தாமதமானாலும் இந்த 4 மணி பெரிதாக மாறாது, ஏனென்றால் அதைத் தீர்மானித்தது புயலைவிட அதிகமாக வெளிச்சம்தான்.

நேரம் உண்மையாகவே மாறினால் மறைக்காமல் சொல்லுங்கள். "காலையில் நள்ளிரவு என்று சொன்னோம். இப்போது நாளை காலை என்கிறார்கள். பள்ளிக்கு வரும் நேரம் மாறவில்லை, 4 மணிதான்." இப்படி எது மாறியது, எது மாறவில்லை என்று இரண்டையும் சொன்னால் யாரும் குழம்ப மாட்டார்கள். ஸ்கிரிப்டின் கடைசியில் "அடுத்த தகவல் 1 மணிக்கு" என்று வைத்ததும் இதற்காகத்தான். அந்த வரி இருந்தால் 1 மணி வரை கண்ட வீடியோவைத் தேட மாட்டார்கள். ஆனால் 1 மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் "மாற்றம் இல்லை" என்று கட்டாயம் போட வேண்டும்.

90 கி.மீ. வேகம், 20 செ.மீ. மழை, ஆரஞ்ச் அலர்ட், 5-ம் எண் கூண்டு... இதெல்லாம் சொல்லலைன்னா வீடியோவுக்கு மதிப்பே இருக்காதே?

சொல்லலாம், ஆனால் எண்ணைத் தனியாக விடக்கூடாது. 62 கி.மீ.யிலிருந்து 88 வரை காற்று இருந்தால் வானிலை மையக் கணக்கில் "புயல்", 89-லிருந்து 117 வரை "தீவிரப் புயல்". இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பார்ப்பவருக்கு அவசியமில்லை. அவருக்கு வேண்டியது அந்தக் காற்று அவர் வீட்டில் என்ன செய்யும் என்பது. 90 கி.மீ. காற்று ஓலைக் குடிசையைப் பிய்க்கும், தகர ஷீட்டைத் தூக்கும், முருங்கை, வாழை, பப்பாளி முறியும். "கீற்றுக் கூரையும் தகரக் கூரையும் தாங்காது" என்ற வரி அந்த எண்ணின் மொழிபெயர்ப்புதான்.

நிறத்தில் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்ச் என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. மழையைப் பொறுத்தவரை 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்கிறபோது சிவப்பு வருகிறது. "ஆரஞ்ச் அலர்ட்!" என்று கத்துவதைவிட, "ஆரஞ்ச் எச்சரிக்கை, அதாவது இன்றைக்குள் தயாராகிவிடுங்கள்" என்றால் வேலை முடிந்தது. துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண் கப்பலுக்கும் படகுக்கும் உரியது. மீனவர்களுக்கான வீடியோவில் அது இருக்கட்டும். ஊர்ப் பொது வீடியோவில் "5-ம் எண் ஏத்திட்டாங்களாம்" என்பது வதந்திக்கு மட்டுமே தீனி.

சைரன், பி.ஜி.எம்., போன புயலோட கிளிப்பெல்லாம் போடலாமா? வெறும் குரல்னா டல்லா இருக்கு.

பழைய கிளிப் கூடவே கூடாது. வர்தாவில் மரம் சாயும் காட்சியைப் போட்டால், பார்ப்பவர் அது இப்போது பக்கத்து ஊரில் நடப்பதாகத்தான் நினைப்பார். "கோப்புக் காட்சி" என்று மூலையில் எழுதினாலும் நாலாவது ஃபார்வர்டில் அதை யாரும் படிப்பதில்லை. சைரன் சத்தம் உண்மையான அபாயச் சங்கோடு குழம்பும். இசை குரலை அமுக்கும். பட்டன் போனில் கேட்கிற வயதானவருக்குக் குரல்தான் எல்லாம்.

படம் வேண்டும் என்றால் நீங்களே போய் எடுங்கள். பள்ளிக்கூட வாசல், பெருமாள் கோயில் திருப்பம், ஆற்றங்கரைப் பாதைக்குக் குறுக்கே போட்ட மூங்கில். அந்த மூன்று ஷாட் போதும். அந்த வழியைத் தன் கண்ணால் பார்த்த பிறகு சந்தேகம் குறையும். எழுத்தாக நாள், நேரம், இடம், 1077 இவை மட்டும், பெரிய எழுத்தில், வீடியோ முழுக்கத் திரையில் நிற்கட்டும்.

யாரைப் பேச வைக்கலாம்? எப்படிப் பேசணும்?

ஊருக்குத் தெரிந்த குரல். பள்ளி டீச்சர், சுகாதார செவிலியர், மீனவர் சங்கத்துக்காரர் யாராவது. வீட்டில் தெரிந்தவருக்கு வழி சொல்வதுபோல், ஒரு நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போகாமல். நேரமும் இடமும் வரும் வரியை இரண்டு தடவை சொல்லலாம், அது வளவளப்பு ஆகாது. "செல்லவும்", "தவிர்க்கவும்" என்று நோட்டீஸ் பலகை மாதிரி பேச வேண்டாம். "வாருங்கள்", "போகாதீர்கள்" என்றால் போதும்.

வீட்டை விட்டுப் போறவங்க, வீட்டிலேயே இருக்கிறவங்க, ரெண்டு பேருக்கும் ஒரே வீடியோ போதாதா?

போதாது. "கிளம்புங்கள்", "வெளியே வராதீர்கள்" இரண்டும் ஒரே வீடியோவில் வந்ததால்தான் மேலே உள்ள முதல் ஸ்கிரிப்ட் உடைந்தது. மெத்தை வீட்டுக்காரர் "கிளம்புங்கள்" என்பதைக் கேட்டு முகாமுக்கு வந்து இடத்தை நிரப்புவார், கீற்று வீட்டுக்காரர் "வெளியே வராதீர்கள்" என்பதைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருப்பார். இது நடந்து பார்த்திருக்கிறேன்.

இரண்டு வீடியோவாகப் பிரியுங்கள், முதல் வரியிலேயே யாருக்கு என்று சொல்லுங்கள். இருப்பவர்களுக்கான வீடியோ இப்படித் தொடங்கும்: "கான்கிரீட் வீட்டில் இருப்பவர்களுக்கு. நீங்கள் வீட்டிலேயே இருக்கலாம்." அதன்பின் மாலைக்குள் முடிக்க வேண்டியவை. குடிதண்ணீரைப் பாத்திரங்களில் பிடித்து வைப்பது, மோட்டார் போட்டு மேல் டேங்கை நிரப்புவது, போனுக்குச் சார்ஜ், மொட்டை மாடியில் கிடக்கும் ஷீட்டையும் பூந்தொட்டியையும் கீழே இறக்குவது. டார்ச்சும் பிஸ்கட்டும் இங்கே வரட்டும். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, அதனால் தண்ணீரை முதலில் சொல்லுங்கள்.

வெள்ளத்துக்கும் இதே ஸ்கிரிப்ட்டை அப்படியே மாத்திக்கலாமா?

எலும்புக்கூடு அதேதான், கடிகாரம் வேறு. புயலுக்கு வானத்தைப் பார்த்து நேரம் சொல்கிறோம். ஆற்று வெள்ளத்துக்கு மேலே உள்ள அணையைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் வெயிலே அடித்தாலும் தண்ணீர் வரும். 2024 ஃபெஞ்சல் இதற்குப் பெரிய பாடம். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே நகராமல் நின்று கொட்டியது. பிறகு உள்ளே நகர்ந்து மேல்பக்கம் பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணையில் 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. புயல் போய்விட்டது என்று படுத்த ஆற்றங்கரை ஊர்களுக்கு அதன் பிறகுதான் வெள்ளம் வந்தது. இன்னொரு பக்கம் 2023 மிக்ஜாம். கரையைக் கடந்தது ஆந்திராவில் பாபட்லா அருகே, டிசம்பர் 5. சென்னை அதற்கு முந்தின நாளே மூழ்கிவிட்டது. "நம்ம ஊர்ல கடக்கலை" என்பது ஆறுதல் செய்தி ஆகாது.

அதனால் வெள்ள ஸ்கிரிப்டில் "கன அடி" வந்தால் அதை ஊருக்குத் தெரிந்த அடையாளமாக மாற்றுங்கள். ஒரு கன அடி என்பது நொடிக்கு 28 லிட்டர். அதை 50,000-ஆல் பெருக்கி யாரும் மனதில் பார்க்க முடியாது. "2 மணி வாக்கில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகும், 12 மணிக்கு மேல் பாலத்தைக் கடக்காதீர்கள்" என்றால் புரியும். தண்ணீர் வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை நீர்வளத் துறைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், நீங்களாக ஊகிக்க வேண்டாம். சொன்னதிலேயே முந்திய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய வரி ஒன்று உண்டு: ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். முழங்கால் அளவுகூட வேண்டாம், அரை அடித் தண்ணீர் வேகமாக ஓடினால் ஆளைச் சாய்க்கும், இரண்டு அடி ஓடினால் காரை நகர்த்தும். "பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்கிற இளவட்டத்துக்கு இதைச் சொல்ல வேண்டும்.

"புயல் கரையைக் கடந்தது"ன்னு நியூஸ் வந்ததும் அடுத்து என்ன போடறது? எல்லாரும் கேக்கறாங்களே, வெளியே வரலாமான்னு.

"இன்னும் வர வேண்டாம்" என்பதற்கான ஸ்கிரிப்டை முன்கூட்டியே எழுதி, பதிவும் செய்து வையுங்கள். புயலின் நடுவில் இருக்கும் கண் பகுதி நம் ஊர் மேல் போனால் காற்று திடீரென்று அடங்கும், சில சமயம் வானம்கூட வெளுக்கும். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தாவின் கண் சென்னையைக் கடந்தபோது இந்த இடைவெளியைப் பலரும் பார்த்தார்கள். ஸ்கிரிப்ட் சிறியதாகப் போதும்: "காற்று நின்றதுபோல் இருந்தால் அது முடிவாக இருக்காது. மறுபக்கத்திலிருந்து திரும்ப வரும். நாங்கள் சொல்லும் வரை பள்ளியிலேயே இருங்கள்."

உண்மையாகவே முடிந்ததும் வரும் வீடியோவையும் அதே ஒழுங்கில் எழுதுங்கள், எந்தத் தெரு திரும்பலாம், எது இன்னும் கூடாது என்று பெயர் சொல்லி. அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாதீர்கள், கரண்ட் இல்லை என்று நினைத்தாலும் தொடாதீர்கள். தண்ணீர் புகுந்த வீட்டில் மெயினைப் போடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக் காட்டுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஃபெஞ்சல் மாதிரி மேல்பக்கம் மழை இருந்தால், மேலே சொன்ன அணைக் கணக்கைப் பார்க்காமல் "திரும்பலாம்" என்று ஆற்றங்கரைத் தெருவுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

போன தடவை எல்லாரையும் பள்ளிக்கூடத்துல உட்கார வெச்சோம், புயல் வேற பக்கம் போயிடுச்சு. இந்தத் தடவை யாரும் வரமாட்டேங்கறாங்க.

அந்தக் கோபத்தை மதியுங்கள். ஒரு நாள் கூலி போயிருக்கிறது, வீட்டைப் பூட்டிவிட்டு அந்நிய இடத்தில் படுத்திருக்கிறார்கள். அதை ஸ்கிரிப்டில் ஒரே வரியில் ஒத்துக்கொள்ளுங்கள்: "போன தடவை புயல் திசை மாறியது, உங்களுக்கு ஒரு நாள் வேலை போனது, எங்களுக்குத் தெரியும். இந்தத் தடவையும் மாறலாம். மாறாவிட்டால் கீற்று வீடு தாங்காது, அதனால்தான் கூப்பிடுகிறோம்." இதைக் கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். "அலட்சியம் வேண்டாம், உயிரா வேலையா?" என்று கேட்டு வந்தவர்களைப் பார்த்ததில்லை.

"இந்தத் தடவை நிச்சயம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வானிலை மையமே "வாய்ப்பு உள்ளது" என்று சொல்லும்போது நாம் நிச்சயம் என்று சொல்ல உரிமை இல்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது நம் கையில் இருப்பதை: பள்ளி திறந்திருக்கும், சாப்பாடு இருக்கும், 12 மணிக்குள் சொன்னால் வண்டி வரும்.

"ஏரி உடைஞ்சிடுச்சு"ன்னு ஒரு ஆடியோ சுத்துது. நம்ம வீடியோவில அதைப் பத்தி சொல்லணுமா? அப்புறம் நம்ம பழைய வீடியோவே இன்னும் ஓடிக்கிட்டிருக்கே.

வதந்தியை முதல் வரியில் சொல்லாதீர்கள். "ஏரி உடைந்ததாக வரும் தகவல் பொய்" என்று தொடங்கினால், பாதியில் கேட்டவர் காதில் "ஏரி உடைந்தது" மட்டும் விழும். உண்மையை முன்னால் வையுங்கள்: "பெரிய ஏரிக்கரை பலமாக இருக்கிறது. காலை 10 மணிக்கு நாங்கள் நேரில் பார்த்தோம், நீர்வளத் துறைக்காரர் கரையில்தான் இருக்கிறார்." கூடவே கரையின் இன்றைய படம். நீங்கள் நேரில் பார்க்காமலோ, பொறுப்பில் இருப்பவரிடம் கேட்காமலோ எந்தப் பக்கமும் சொல்லக் கூடாது. பீதியைக் கிளப்பும் பொய் எச்சரிக்கை பரப்புவது பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, 54-வது பிரிவின்படி குற்றம், ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம்.

பழைய வீடியோ சுற்றுவதை நிறுத்த முடியாது, ஆனால் அது தன் வயதைத் தானே சொல்லும்படி செய்யலாம். "வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்குச் சொல்லும் தகவல்" என்று குரலிலேயே வைத்தது அதற்குத்தான், திரையில் மட்டும் இருந்தால் ஆடியோவாகப் பிரித்து அனுப்பும்போது போய்விடும். "இன்று", "நாளை" என்று தனியாக வரும் இடங்களில் கிழமையையும் சேருங்கள். பழைய வீடியோவை நீக்கினால் கையில் இருப்பவருக்குத் தெரியாது, அதனால் புதியதில் "காலை 9 மணி வீடியோவுக்குப் பதில் இது" என்று ஒரு வரி சேருங்கள்.

ஸ்கிரிப்ட் சரியா வந்திருக்கான்னு போடறதுக்கு முன்னாடி எப்படித் தெரிஞ்சுக்கறது? டைம் வேற இருக்காது.

ஐந்து நிமிடம் போதும். ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் யாரும் இல்லாமல், அந்தத் தெருவில் இருக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். பிறகு போனை வாங்கிக்கொண்டு கேளுங்கள்: நீங்க எங்கே போகணும்? எத்தனை மணிக்குள்ள? என்ன எடுத்துக்கிட்டு? மூன்றில் ஒன்று தவறினாலும் தவறு ஸ்கிரிப்டில்தான், கேட்டவரிடம் இல்லை. 1077-ஐயும் பதிவுக்கு முன் நீங்களே ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடுங்கள். எஸ்.டி.டி. கோடு சேர்த்து அடிக்க வேண்டியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேலே உள்ள ஸ்கிரிப்டை மீனவர் காலனியில் ஒரு ஆயாவுக்குத்தான் முதலில் போட்டோம். வலைக்கு மணி கோத்துக்கொண்டே கேட்டார். பள்ளிக்கூடம், நாலு மணி, மாத்திரை, எல்லாம் சரியாகச் சொன்னார். வழி கேட்டபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "பெருமாள் கோயிலுன்னா எது தம்பி, பழசா புதுசா? பழைய கோயில் தெருவுல இடுப்பளவு தண்ணி நிக்குமே." எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. "புதுப் பெருமாள் கோயில், ரேஷன் கடைப் பக்கம்" என்று மாற்றி, அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பதிவு செய்து, 9.20-க்கு அனுப்பினோம்.